அஞ்சு நிமிஷம் அண்ணாச்சி

2022 மார்ச் 10, வியாழக்கிழமை. தேதி இவ்வளவு துல்லியமாக நினைவிருக்கக் காரணம், மறுநாள் பதினொன்றாம் தேதி. மாதாமாதம் ஜிஎஸ்டி தாக்கல் செய்கிற வியாபாரிகளுக்கு GSTR-1 என்கிற விற்பனைக் கணக்குக்குக் கடைசி நாள் அது. பத்தாம் தேதி சாயங்காலம் கம்ப்யூட்டர் கடைக்கு ஓடி வருகிறவர்கள் எல்லோருக்கும் ஒரே முகம்தான் இருக்கும்.

கோவில்பட்டியில் ஒரு சின்னக் கடையில் அப்போது நான் வேலை பழகிக்கொண்டிருந்தேன். முதல் மூன்று மாதம் கேபினட்டைத் திறந்து தூசி ஊதுவதும், டீ வாங்கி வருவதும்தான். அதற்குப் பிறகுதான் விண்டோஸ் போடவே விட்டார்கள். அன்றைக்கு அண்ணன் (கடைக்காரர், எல்லோருக்கும் அவர் அண்ணன்தான்) ஒரு மில்லில் நெட்வொர்க் வேலைக்குப் போய்விட்டார், கடையில் நான் மட்டும். ஒன்பது மணிக்கு ஷட்டரை இறக்க வேண்டும்.

ஏழே முக்காலுக்கு உரக்கடை அண்ணாச்சி வந்தார். அவருடைய மெஷினில் பழைய ஹார்ட் டிஸ்க் 'டிக் டிக்' என்று தட்ட ஆரம்பித்திருந்ததால் முந்தின நாளே அண்ணன் அதைக் கழற்றிவிட்டு 240 ஜிபி எஸ்எஸ்டி மாட்டி, புதிதாக விண்டோஸ் 10 போட்டு, அப்டேட்டும் முடித்து வைத்திருந்தார். பாக்கி இருந்தது அவருடைய பில்லிங் சாஃப்ட்வேர் மட்டும். யாரோ பல வருஷத்துக்கு முன் எழுதிக் கொடுத்த பழைய புரோகிராம், சிடியில் வந்தது. டேட்டா பேக்கப் அவர் சட்டைப் பையில் பென்டிரைவாக இருந்தது. தினமும் கடை சாத்துமுன் பேக்கப் எடுக்கிற ஆள், அந்த விஷயத்தில் கறாரானவர்.

"எவ்வளவு நேரம் ஆகும் தம்பி?"

"அஞ்சு நிமிஷம் அண்ணாச்சி."

யோசித்துச் சொன்ன பதில் இல்லை அது. கடையில் அப்படித்தான் சொல்வோம்.

சிடியைப் போட்டு setup.exe-ஐத் தட்டினேன். பாதியில் ஒரு நீலப் பெட்டி வந்தது: இந்த புரோகிராம் ஓட .NET Framework 3.5 என்கிற துணை மென்பொருள் விண்டோஸில் வேண்டும், இறக்கிக்கொள்ளவா என்று. சரி என்று தட்டினேன். பச்சைக் கோடு கொஞ்ச தூரம் போய் நின்றது. கடை பிராட்பேண்ட் மதியத்திலிருந்தே இல்லை, என் போன் ஹாட்ஸ்பாட்தான், அதுவும் சாயங்கால நேரத்து சிக்னல். பத்து நிமிஷம் கழித்து 0x800F0906 என்று ஒரு எண்ணைக் காட்டிவிட்டுப் பெட்டி மூடிக்கொண்டது. திரும்பத் தட்டினேன், திரும்ப அதே எண். மூன்றாவது தடவையும் தட்டினேன் என்பதைச் சொல்ல இப்போது வெட்கமாகத்தான் இருக்கிறது. அண்ணாச்சி பின்னால் நின்று சாவிக்கொத்தை விரலில் சுற்றிக்கொண்டிருந்தார், அந்தச் சத்தத்துக்கு ஏதாவது பதில் சொல்லியாக வேண்டும், மவுஸைக் கிளிக் செய்தால் வேலை நடப்பது மாதிரி இருக்கும், அவ்வளவுதான் காரணம்.

அடுத்து நான் செய்தது அதைவிட அசட்டுத்தனம். அண்ணனுடைய டூல்ஸ் ஃபோல்டரில் .NET 4.8 இருந்தது. மூன்றரையைவிட நாலு புள்ளி எட்டு பெரியதுதானே என்று ஓட்டினேன். அது ஏற்கெனவே இருக்கிறது, ஒன்றும் செய்ய வேண்டாம் என்று சொல்லிவிட்டது. இந்தக் குழப்பம் எனக்கு மட்டும் வந்ததில்லை, இன்றும் பலருக்கு வருகிறது. 4.8 என்பது 3.5-இன் புதுப் பதிப்பு மாதிரி தெரியும், ஆனால் இரண்டும் வேறு வேறு எஞ்சின்கள். 3.5 என்பது உள்ளே பழைய 2.0 எஞ்சினிலேயே ஓடுகிறது. அந்த எஞ்சினுக்கென்று எழுதிய புரோகிராம், பக்கத்தில் 4.8 இருந்தாலும் சாதாரணமாக அதைத் தொடாது. விண்டோஸ் 10-இல் 4.x வரிசை கூடவே வந்துவிடும், 3.5-ஐ நாம்தான் தனியாகப் போட வேண்டும்.

"தம்பி, எட்டேகால் ஆச்சு. ஆடிட்டர் காலைல ஏழு மணிக்கே போன் போடுவாரு."

"முடிஞ்சிருச்சு அண்ணாச்சி, அஞ்சு நிமிஷம்."

அவர் ஒன்றும் சொல்லவில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டார், ஆனால் உட்காரவில்லை.

அண்ணனுக்குப் போன் அடித்தேன். மில் சத்தத்துக்கு நடுவே இரண்டு வரிதான் சொன்னார். "நெட்ல எறக்காதடா. விண்டோஸ் பென்டிரைவ்லயே இருக்கு, sources-க்குள்ள sxs ஃபோல்டரு." நல்லவேளை, அங்கிருந்து 3.5-ஐ ஏற்றுகிற கட்டளையை முன்பே என் நோட்டில் எழுதி வைத்திருந்தேன். மேஜை டிராயரில் கிடந்த பென்டிரைவைச் செருகி, கருப்புத் திரையைத் திறந்து அடித்தேன். 740 என்று பிழை வந்தது, அதாவது அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறக்கவில்லை. மூடிவிட்டு அப்படித் திறந்து மறுபடி அடித்தேன்:

```
dism /online /enable-feature /featurename:NetFx3 /all /source:E:\sources\sxs /limitaccess
```

கடைசியில் வரும் /limitaccess, விண்டோஸ் அப்டேட் பக்கம் போகாதே, நான் காட்டுகிற இடத்தில் மட்டும் தேடு என்று சொல்வதற்கு. /source-க்குப் பிறகு வரும் எழுத்து பென்டிரைவின் எழுத்தாக இருக்க வேண்டும். அவர் மெஷினில் சிடி டிரைவ் D-ஐப் பிடித்துக்கொண்டிருந்தது, அதனால் E.

கோடு வளர்ந்து வளர்ந்து வந்து, கடைசியில் 0x800F081F. மூலக் கோப்புகள் கிடைக்கவில்லை என்று அர்த்தம்.

கிடைக்கவில்லையா? ஃபோல்டரைத் திறந்து பார்த்தேன். netfx3 என்ற பெயருடன் ஒரு cab கோப்பு கண்ணெதிரே இருக்கிறது. கோப்பு இருக்கிறது, இல்லை என்கிறான். இந்த இடத்தில்தான் எனக்கு வேர்த்தது. புரோகிராம் சண்டித்தனம் செய்கிறது என்று அண்ணாச்சியிடம் சொன்னேன். "நேத்து வரைக்கும் நல்லாத்தானே ஓடுச்சு" என்றார். நியாயமான கேள்வி. பழைய டிஸ்கில் இந்த 3.5-ஐ எப்போதோ யாரோ போட்டு வைத்திருந்தார்கள், டிஸ்கோடு அதுவும் போய்விட்டது.

அப்போதுதான், அந்தச் செய்தியைப் பத்தாவது தடவையாகப் பார்க்கிறேன் என்றாலும் முதல் தடவையாகப் படித்தேன். கோப்பு இல்லை என்று அது சொல்லவில்லை. தனக்குத் தேவையான கோப்பு அங்கே இல்லை என்கிறது. அப்படியென்றால் இருப்பது வேறு எதற்கோ உரியது. மெஷினில் இருப்பது எந்த விண்டோஸ் பதிப்பு என்று winver அடித்துப் பார்த்தேன்: 21H2, பில்ட் 19044. டிராயர் பென்டிரைவில் இருந்த விண்டோஸ் எது? அதன் மேல் ஒரு குறிப்பும் இல்லை. கருப்பு பென்டிரைவ், கடையில் அதே மாதிரி நான்கு உண்டு. போன வாரம் அதை வைத்து நானே ஒரு மெஷினுக்கு 1909 என்ற பழைய பதிப்பைப் போட்டது மெதுவாக நினைவுக்கு வந்தது.

cab கோப்பின் பெயர் எல்லா பதிப்பிலும் ஒரே மாதிரி இருக்கும், அதில்தான் ஏமாந்துபோகிறோம். உள்ளே இருப்பது அந்தந்தப் பதிப்புக்கு உரியது. ஆனால் இதிலும் ஒரு சலுகை உண்டு: 2004, 20H2, 21H1, 21H2 எல்லாம் 19041 என்ற ஒரே அடித்தளத்தின் மேல் கட்டியவை. 21H2-க்கு 20H2 பென்டிரைவே போதும். 1909-இன் அடித்தளம் வேறு, அது ஒத்துவராது.

20H2 பென்டிரைவ் எங்கே? பின் மேஜையில். அங்கே வேறொருவருடைய மெஷினில் நான் ஏழு மணிக்குத் தொடங்கிவைத்த இன்ஸ்டாலேஷன் ஓடிக்கொண்டிருந்தது, பென்டிரைவ் அதில் செருகியிருந்தது. இதைப் பிடுங்கினால் அது கெட்டுவிடுமோ என்று பயம். ஒரு வாடிக்கையாளரின் அவசரத்துக்கு இன்னொருவர் மெஷினைக் கெடுத்துவிட்டு நாளைக்கு அண்ணன் முகத்தில் எப்படி முழிப்பது?

போய்ப் பார்த்தால் அந்த மெஷின் ஒரு தடவை ரீஸ்டார்ட் ஆகி, சாதனங்களைத் தயார் செய்கிற கட்டத்தில் இருந்தது. கோப்புகளையெல்லாம் டிஸ்குக்கு நகலெடுத்து முதல் ரீஸ்டார்ட் ஆன பிறகு, மிச்ச வேலை டிஸ்கிலிருந்தே நடக்கும், பென்டிரைவ் சும்மா செருகிக்கொண்டிருப்பதுதான். இதை அண்ணன் ஒரு தடவை சொல்லியிருக்கிறார். சொன்னது வேறு, அதை நம்பிக் கையை வைப்பது வேறு. மூச்சைப் பிடித்துக்கொண்டு உருவினேன். அந்தத் திரை ஒன்றும் கண்டுகொள்ளவில்லை, புள்ளிகள் பாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருந்தன.

எட்டு நாற்பது. அதே கட்டளை. கோடு வளர்ந்தது. 65.8 சதவீதத்தில் நின்றது.

முன்பானால் மூடிவிட்டு மறுபடி அடித்திருப்பேன். இந்தத் தடவை கையைக் கீபோர்டிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். அந்த இடத்தில் கொஞ்ச நேரம் நிற்பது அதன் வழக்கம், எஸ்எஸ்டி விளக்கு மினுக்கிக்கொண்டிருக்கும்வரை உள்ளே வேலை நடக்கிறது.

"நின்னு போச்சா?"

"இல்ல அண்ணாச்சி. எவ்வளவு நேரம் ஆகும்னு எனக்கே தெரியல. இது வந்துட்டா மீதி பத்துப் பதினஞ்சு நிமிஷ வேலை. வரலன்னா ராத்திரி அண்ணன் வந்துதான் பாக்கணும்."

அன்றைக்கு அவரிடம் சொன்ன முதல் உண்மை அதுதான் என்று நினைக்கிறேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். சாவிக்கொத்தைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்தார். "அப்ப டீ சொல்லட்டா?" என்றார்.

டீ வருவதற்குள் நூறு சதவீதம் வந்துவிட்டது. The operation completed successfully. சிடியிலிருந்து setup மறுபடி ஓட்டினேன், இந்தத் தடவை எதுவும் கேட்காமல் ஏறியது. பேக்கப்பை ரீஸ்டோர் செய்து, டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டரை இணைத்து, ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு வந்தேன். ஒன்பது பத்து.

"ஒரு பில் போட்டுப் பாரு தம்பி. யூரியா, ஒரு மூட்டை."

போட்டேன். பிரிண்டர் 'கிர்ர்' என்று பேப்பரை இழுத்து அடித்தது. அண்ணாச்சி கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கி, தாளை லைட்டுக்கு நேரே தூக்கிப் பிடித்தார். அவர் பார்த்தது விலையை மட்டும்.

"இருநூத்தி அறுவத்தாறு அம்பது. ம், சரியா இருக்கு."

நான் சிடியை எடுத்து உறையில் போட்டுக்கொண்டிருந்தேன்.

"எங்க கிளம்பிட்ட? அந்த பில்லை கேன்சல் பண்ணு. நாளைக்கு ஸ்டாக்ல ஒரு மூட்டை உதைக்கும்."

கேன்சல் எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை. மெனு மெனுவாகத் திறந்து தேடினேன். அண்ணாச்சி கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு டீ கிளாஸைக் கீழே வைத்து, ஸ்டூலை இழுத்துக்கொண்டு என் பக்கத்தில் வந்தார்.

"தள்ளு தம்பி," என்றார், "அஞ்சு நிமிஷம்."