திறக்காத ஃபைல்

மூன்று வாரமாக ஆய்வேட்டின் இரண்டாம் அத்தியாயத்தைத் தொடவில்லை. சோம்பேறி என்று என்னையே திட்டிக்கொண்டேன், ஆனால் அதே வாரங்களில் பரணை ஒழித்தேன், பழைய மின்விசிறியைக் கழற்றித் துடைத்து மாட்டினேன், சோம்பேறி செய்கிற வேலையா இது?

நேற்று ஃபைல் மேல் கர்சரை வைத்ததும் வயிற்றைப் பிசைந்தது. அப்போதுதான் புரிந்தது, நான் தள்ளிப்போட்டது எழுதுவதை அல்ல, நெறியாளர் ஓரத்தில் போட்டிருக்கும் குறிப்புகளைப் படிக்கும்போது வரப்போகிற அவமானத்தை. மூடிவிட்டால் உடனே ஒரு நிம்மதி வருகிறதே, அதுதான் மறுநாளும் மூட வைக்கிறது. 2013-இல் சிரோயி, பிச்சில் என்ற உளவியலாளர்கள் சொன்னதும் கிட்டத்தட்ட இதுதான்: தள்ளிப்போடுவது அந்த நேரத்து மனநிலையைச் சரிசெய்துகொள்கிற வழி.

சரி, திருத்த வேண்டாம், 10 நிமிடம் படித்தால் போதும் என்று திறந்தேன். மொத்தம் 14 குறிப்புகள். ஒன்பது வெறும் அடிக்குறிப்புப் பிழைகள். இரண்டுதான் உண்மையிலேயே வலித்தன.