மாதிரி நேர்காணலைப் படம்பிடித்து, எழுதி, எண்ணிப் பார்த்த அனுபவம்

நுண்நிதி நிறுவனம் ஒன்றில் கிளைப் பொறுப்பாளர் வேலைக்கான நேர்காணலுக்குத் தயாரானபோது, தோழி ஒருவரை எதிரே உட்காரவைத்து ஆறு கேள்விகள் கேட்கச் சொல்லி, அதைக் கைப்பேசியில் படம்பிடித்தேன். நேர்காணல் பெரும்பாலும் தமிழில்தான் நடக்கும் என்பதால் பதில்களையும் தமிழிலேயே சொன்னேன். காணொளி 11 நிமிடம் 40 நொடி ஓடியது. அதில் நான் பேசிய நேரம் மட்டும் 430 நொடி. முதல் முறை பார்த்தபோது என் குரலும் கையசைவும்தான் கண்ணில் பட்டனவே தவிர, எங்கே தவறு நடக்கிறது என்பது புலப்படவில்லை. பேசியதை அப்படியே எழுதி, எண்ணத் தொடங்கிய பிறகுதான் ஒவ்வொன்றாகத் தெரிந்தது. இதே தயாரிப்பில் இருப்பவர்களுக்குப் பயன்படட்டும் என்று, நான் செய்த பிழைகளையும் சேர்த்தே எழுதுகிறேன்.

எழுத்தாக்கத்தில்தான் முதல் பிழை நேர்ந்தது. பேச்சைத் தானாக எழுத்தாக்கும் மென்பொருளில் ஒலிப்பதிவைக் கொடுத்தேன். அது தந்த பக்கம் மிகவும் ஒழுங்காக இருந்தது. அந்த ஒழுங்குதான் சிக்கல். இத்தகைய மென்பொருள்கள் படிப்பவரின் வசதியை முன்னிட்டு ‘ம்’, ‘ஆ’ போன்ற தயக்க ஒலிகளைப் பெரும்பாலும் விட்டுவிடுகின்றன, திக்கித் திரும்பச் சொன்னதை ஒரே முறையாக எழுதுகின்றன, சில இடங்களில் பேச்சுவழக்கை எழுத்துவழக்காகவும் மாற்றிவிடுகின்றன. நான் ‘போயிருக்கேன்’ என்று சொன்னது ‘போயிருக்கிறேன்’ என்று வந்திருந்தது. அந்த ஒரு சொல்லிலேயே ஓர் உயிரொலி கூடிவிடுகிறது. ஆகவே அந்தப் பக்கத்தைக் கரடுவரைவாக மட்டும் வைத்துக்கொண்டு, காதில் ஹெட்ஃபோனை மாட்டி, பாதி வேகத்தில் ஓடவிட்டுக் கேட்டு, வாயிலிருந்து வந்ததை வந்தபடியே திருத்தினேன். தயக்க ஒலி ஒவ்வொன்றுக்கும் * என்ற குறியையும், அரை நொடிக்கு மேற்பட்ட இடைவெளி ஒவ்வொன்றுக்கும் / என்ற குறியையும் இட்டேன். எண்களை இலக்கத்தில் எழுதாமல் சொல்லாகவே எழுதினேன், ஏனெனில் ‘2021’ என்று எழுதினால் அதை உச்சரிக்க ஆன நேரம் கணக்கில் வராது. ஒவ்வொரு பதிலையும் தனித்தனிக் கோப்பாக வைத்தேன். இந்த வேலைக்கு இரண்டரை மணி நேரம் ஆயிற்று; ஆனாலும் இதைச் சுருக்க நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன், ஏனெனில் பிறகு எண்ணப்போவது அனைத்தும் இந்தப் பக்கத்தை நம்பித்தான் நிற்கிறது.

அடுத்து வேகம். நான் மொத்தம் 690 சொற்கள் பேசியிருந்தேன், அதாவது நிமிடத்துக்கு ஏறத்தாழ 96. ஆங்கிலத்தில் நிமிடத்துக்கு 120 முதல் 150 சொற்கள் வரை பேசுவது நல்ல வேகம் என்று படித்திருந்ததால், நான் மிக மெதுவாகப் பேசுகிறேன் என்ற முடிவுக்கு வந்து, இரண்டு நாள் வேகத்தைக் கூட்டிப் பயிற்சி செய்தேன். அது முழுத் தவறு. தமிழில் விகுதிகளும் துணைவினைகளும் ஒட்டி ஒரே சொல்லாகிவிடுவதால், சொற்களின் எண்ணிக்கையை வைத்து ஆங்கில அளவோடு ஒப்பிட முடியாது. ‘போகவேண்டியிருந்தது’ என்பது ஒரே சொல். ஆனால் அதில் எட்டு உயிரொலிகள் உள்ளன. வேகத்தை அளக்கச் சொல்லைவிட உயிரொலியே ஏற்ற அலகு, அதை எண்ணுவதற்கு நம் எழுத்து முறையே வழி வைத்திருக்கிறது. புள்ளி வைத்த எழுத்துகளையும் ஆய்தத்தையும் விட்டுவிட்டு மற்ற எழுத்துகளை எண்ணினால் அதுவே உயிரொலிகளின் எண்ணிக்கை. கையாலும் எண்ணலாம், நான் பைத்தானில் மூன்று நான்கு வரிகளில் முடித்துக்கொண்டேன்.

```python
import re
t = open("q4.txt", encoding="utf-8").read()
uyir = len(re.findall("[அ-ஹ]", t)) - t.count("\u0bcd")
print(uyir, t.count("*"), t.count("/"))
```

ஆறு பதில்களிலும் சேர்த்து 2150 உயிரொலிகள் வந்தன. 430 நொடிக்கு வகுத்தால் நொடிக்குச் சரியாக 5. இயல்பான உரையாடலுக்கு இது பொருத்தமான வேகமாகவே காதுக்குப் பட்டது. ஆனால் பதில் வாரியாகப் பார்த்தபோதுதான் சராசரி எவ்வளவு மறைத்திருக்கிறது என்பது தெரிந்தது. ‘உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்’ என்ற முதல் கேள்விக்கு 70 நொடியில் 448 உயிரொலிகள், அதாவது நொடிக்கு 6.4. நான்காம் கேள்விக்கு 95 நொடியில் 342 மட்டுமே, அதாவது நொடிக்கு 3.6. ஒன்று ஓட்டம், மற்றொன்று தவழ்தல்.

அந்தத் தவழ்தலுக்கும் காரணம் மெதுவான பேச்சு அன்று. மௌன இடைவெளிகளை ஒலிப்பதிவிலிருந்து கண்டுபிடிக்க எஃப்எஃப்எம்பெக் என்ற இலவசக் கருவியில் இந்தக் கட்டளையைக் கொடுத்தேன்.

```
ffmpeg -i q4.wav -af silencedetect=noise=-30dB:d=0.5 -f null -
```

அரை நொடிக்கு மேல் நீண்ட மௌனங்களை அது தொடக்க நேரத்தோடும் நீளத்தோடும் காட்டும். மின்விசிறி ஓடும் அறையாக இருந்தால் -30 என்ற அளவைச் சற்று மாற்றிப் பார்க்க வேண்டியிருக்கும். இல்லையென்றால் விசிறியின் இரைச்சலைப் பேச்சாக எடுத்துக்கொண்டு ஒரு மௌனத்தைக்கூடக் காட்டாது. நான்காம் பதிலில் மௌனம் மட்டும் 31 நொடி. அதைக் கழித்துவிட்டுப் பார்த்தால் மீதி 64 நொடியில் 342, அதாவது நொடிக்கு 5.3. பேசிய நேரத்தில் நான் இயல்பாகவே பேசியிருக்கிறேன். அடிக்கடி நின்றதுதான் குறை. இந்த வேறுபாட்டைப் பார்க்காமல் வேகத்தைக் கூட்டிப் பயிற்சி செய்தால், நிற்கும் இடங்கள் அப்படியே இருக்க, நிற்காத இடங்கள்தாம் பதறும். அந்த இரண்டு நாள் பயிற்சியில் எனக்கு நடந்தது அதுவே.

நிரப்புச் சொற்களை எண்ணுவதில் தேடல் வசதியை அப்படியே நம்பக் கூடாது. ‘வந்து’ என்று தேடினால் 17 இடங்கள் கிடைத்தன. ஆனால் ‘மதுரையிலிருந்து வந்து சேர்ந்தேன்’ என்பது போல ஐந்து இடங்களில் அது உண்மையான வினை. ‘அதாவது’ 9 இடங்களில் இருந்தது. மூன்று இடங்களில் முன்னர்ச் சொன்னதை உண்மையாகவே விளக்கியது, மற்ற ஆறும் அடுத்த சொல் வரும்வரை நேரத்தைக் கடத்தியவை. சொல்லை நீக்கிவிட்டு வாக்கியத்தைப் படித்துப் பாருங்கள். பொருள் சிறிதும் குறையவில்லையென்றால் அது நிரப்புச் சொல். இப்படிச் சலித்தபோது ‘வந்து’ 12, ‘அதாவது’ 6, ‘என்னன்னா’, ‘ஓகே’ முதலியவை 7, காதால் கேட்டுக் குறித்த ‘ம்’, ‘ஆ’ 21 என மொத்தம் 46 ஆயிற்று. அவற்றில் 19 நான்காம் பதிலில் மட்டுமே இருந்தன. முதல் பதிலில் இரண்டே இரண்டு.

கண் தொடர்பை எழுத்து வடிவத்தால் மட்டும் அறிய முடியாது. ஆனால் அறிந்ததைக் குறித்துவைக்க அதைவிட நல்ல இடமும் இல்லை. படம்பிடிக்கும் முன்பே ஒன்றைச் செய்துகொள்ள வேண்டும். கைப்பேசி தோழியின் தோளுக்குப் பக்கத்தில் இருந்ததால், நான் அவர் முகத்தைப் பார்க்கும்போதும் காணொளியில் சற்றே விலகிப் பார்ப்பது போலத்தான் தெரியும். ஆகவே தொடக்கத்தில் ஐந்து நொடி அவர் முகத்தையும், ஐந்து நொடி மேசையையும், ஐந்து நொடி சுவரையும் வேண்டுமென்றே பார்த்துப் பதிவு செய்திருந்தேன். பிறகு ஒப்பிட அது அளவுகோலாயிற்று. இணையவழி நேர்காணலிலும் இதே நிலைதான்: திரையில் தெரியும் முகத்தைப் பார்த்தால் எதிரில் இருப்பவருக்கு நாம் கீழே பார்ப்பதாகத் தோன்றும்.

பின்னர் காணொளியிலிருந்து ஐந்து நொடிக்கு ஒரு படம் வீதம் எடுத்தேன்.

```
ffmpeg -i mock.mp4 -vf fps=1/5 padam_%03d.png
```

நான் பேசிக்கொண்டிருந்த 86 படங்களில் 61 படங்களில் பார்வை தோழியின் முகத்தில் இருந்தது. இமை மூடியிருந்த படம் வந்தால் காணொளியில் அந்த நொடிக்குச் சென்று பார்த்துக்கொண்டேன். முழு எண்ணிக்கையைப் பார்த்து நான் கவலைப்படவில்லை, ஏனெனில் யோசிக்கும்போது பார்வையை விலக்குவது மனித இயல்பு. கடினமான கேள்விக்குப் பதில் தேடும் கண், எதிரில் இருப்பவரின் முகத்தை விட்டு விலகத்தான் செய்யும். பதிலைத் தொடங்கும்போது விலகி, முடிக்கும்போது திரும்பிவிட்டால் அது குறையே அன்று. வாக்கியத்தின் முடிவிலும் மேசையைப் பார்த்துக்கொண்டிருப்பதுதான் குறை. இதைத் தெரிந்துகொள்ள, ஒலியை அணைத்துவிட்டுக் காணொளியை ஓடவிட்டு, பார்வை கீழே போன நேரங்களைக் குறித்து, எழுத்து வடிவத்தில் அந்தச் சொல்லுக்கு முன்னால் ^ என்று இட்டேன். நான்காம் பதிலுக்குரிய 19 படங்களில் 8 மட்டுமே முகத்தைப் பார்ப்பவை.

மூன்று குறிகளும் ஒரே தாளில் சேர்ந்த பிறகு நான்காம் பதிலின் ஒரு பகுதி இப்படி இருந்தது. ‘குழுவில் ஒரு பெண் தவணை கட்டவில்லை என்றால் என்ன செய்வீர்கள்?’ என்பது கேள்வி.

```
குழுவுல ஒருத்தர் கட்டலைன்னா * / முதல்ல ^ நாங்க வந்து / அதாவது * / அவங்க வீட்டுக்குப் போயி ^ வந்து * / பேசுவோம்
```

‘கட்டலைன்னா’ என்பது வரை ஒரு குறியும் இல்லை. ‘முதல்ல’ என்ற சொல்லைச் சுற்றித்தான் அத்தனையும் குவிந்திருந்தன. முதலில் என்ன செய்ய வேண்டும் என்பது எனக்கே தெளிவாகத் தெரிந்திருக்கவில்லை. பிறகு விதியைத் தேடிப் படித்தபோது, என் பதிலே தவறு என்றும் தெரிந்தது. 2022 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த ரிசர்வ் வங்கியின் நுண்நிதிக் கடன் நெறிமுறைகளின்படி, தவணையை இரு தரப்பும் ஒப்புக்கொண்டு குறித்த இடத்தில்தான் வசூலிக்க வேண்டும். கடன் பெற்றவர் அடுத்தடுத்து இரண்டு முறையோ அதற்கு மேலோ அங்கே வரத் தவறினால்தான் வீட்டுக்கோ வேலை செய்யும் இடத்துக்கோ போய் வசூலிக்கலாம். காலை 9 மணிக்கு முன்பும் மாலை 6 மணிக்குப் பின்பும் அழைக்கக் கூடாது. தயக்கத்தைக் குறைக்க மூச்சுப் பயிற்சி செய்ய நினைத்திருந்த எனக்கு, உண்மையில் தேவைப்பட்டது இந்த விதியும் அதிலிருந்து பிறக்கும் வரிசையும்தான்: குழுத் தலைவியிடம் காரணம் கேட்பது, அடுத்த கூட்டத்தில் அவரைச் சந்திப்பது, அதற்கும் வராவிட்டால் வீட்டுக்குப் போவது.

நான்கு நாள் கழித்து அதே கேள்விக்கு மீண்டும் பதில் சொன்னபோது 62 நொடி, 6 நிரப்புச் சொற்கள், 12 படங்களில் 9 முகத்தைப் பார்ப்பவை. இந்த எண்களை நான் முழுமையாக நம்பவில்லை. கேட்ட கேள்வியையே மறுபடி கேட்டால் யாருக்கும் தயக்கம் குறையும் அல்லவா? அதனால், முன்கூட்டியே சொல்லாமல் பக்கத்துக் கேள்வி ஒன்றைக் கேட்கும்படி தோழியிடம் சொல்லியிருந்தேன். ‘கடன் வாங்கியவர் ஊரைவிட்டே போய்விட்டால்?’ என்று கேட்டார். 70 நொடியில் 9 நிரப்புச் சொற்கள் வந்தன. நிமிடக் கணக்கில் முதலில் 12, இப்போது 8க்குச் சற்றுக் குறைவு. நான் எடுத்துக்கொள்ளும் அளவு இதுதான், 6 அன்று.

எண்ணிக்கைப்படி மிகச் சிறந்ததாகத் தெரிந்த முதல் பதிலில் வேறொரு குறை இருந்தது. நிரப்புச் சொல் இரண்டே, 14 படங்களில் 13 முகத்தைப் பார்ப்பவை. ஆனால் நான் களப்பணி செய்த மூன்று ஊர்களின் பெயரைக் கேட்டபோது தோழியால் ஒன்றைக்கூடச் சொல்ல முடியவில்லை. மனப்பாடம் செய்ததால் நொடிக்கு 6.4 என்று ஓடியிருக்கிறேன், 70 நொடியில் மௌனம் 4 நொடி மட்டுமே. மெதுவாகச் சொல் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு பார்த்தேன். முதல் இரண்டு வாக்கியங்களுக்கு மேல் அது நிற்கவில்லை. பிறகு பதினொரு வாக்கியங்களை ஏழாகக் குறைத்து, ஊர்ப் பெயர் வரும் இடங்களுக்குப் பின்னால் தாளிலேயே / என்று குறித்துவைத்துப் பழகினேன். அதே 70 நொடியில் இப்போது நொடிக்கு 5.2 வருகிறது. இந்த முறை தோழி மூன்று ஊர்களின் பெயரையும் திருப்பிச் சொன்னார்.