சொதியும் திரிந்த தேங்காய்ப்பாலும்

மதுரையில் என் பிறந்த வீட்டில் தேங்காயை அரைத்துத்தான் குழம்பில் ஊற்றுவோம். பால் பிழிந்து சொதி வைக்கும் வழக்கம் திருநெல்வேலிக்காரரான என் மாமியாரோடு எங்கள் அடுப்படிக்கு வந்தது. முதல்முறை நானே வைத்தபோது, பிழிந்த பால் முழுவதையும் ஒன்றாக ஊற்றி, தீயைக் கூட்டிப் பத்து நிமிடம் தளதளவெனக் கொதிக்க விட்டேன். மேலே ரவை போல வெள்ளைத் துகள்களும் எண்ணெய்ப் பொட்டுகளும் மிதக்க, அடியில் வெளிறிய தண்ணீர் நின்றது. "ஏளா, தலைப்பாலக் கொதிக்க விட்டியா?" என்று மட்டும் மாமியார் கேட்டார்.

தேங்காய்ப்பாலில் உள்ள கொழுப்புத் துளிகள் ஒன்றோடொன்று சேர்ந்துவிடாமல் அதிலுள்ள புரதம் ஒரு உறைபோல் சூழ்ந்து காக்கிறது. ஏறக்குறைய 80 பாகை வெப்பத்திலேயே அந்தப் புரதம் இறுகத் தொடங்குவதால், கொதி நீடிக்க நீடிக்கக் கொழுப்பு தனியே பிரிகிறது. புளிப்பு சேர்ந்தால் இது இன்னும் விரைவாக நடக்கும். கொழுப்பு குறைந்த இரண்டாம், மூன்றாம் பாலுக்கு இந்தச் சிக்கல் அவ்வளவாக இல்லை.

அடுத்த முறை, சோழவந்தான் தேங்காய் ஒன்றைத் துருவி, வெதுவெதுப்பான நீர் விட்டு மூன்று முறை பிழிந்து, மூன்று பாலையும் தனித்தனியாக வைத்துக்கொண்டேன். முருங்கைக்காய், கேரட், உருளைக்கிழங்கு, சின்ன வெங்காயம் ஆகியவற்றை மூன்றாம் பாலில் மிதமான தீயில் கால் மணி நேரம் வேகவிட்டு, இரண்டாம் பாலையும் வெந்து மசிந்த சிறுபருப்பையும் இஞ்சி பச்சைமிளகாய் விழுதையும் உப்பையும் சேர்த்து ஐந்து நிமிடம் கொதிக்க வைத்தேன். பிறகு தீயை முழுவதும் தணித்து, கொதி அடங்கியதும், இரண்டு கரண்டிச் சூடான சொதியைத் தலைப்பாலில் கலந்து, அதை மெல்ல ஊற்றினேன். குளிர்ந்த பால் என்றால் இந்தக் கலத்தல் கட்டாயம். இரண்டு மூன்று நிமிடத்தில் ஓரத்தில் நுரை கட்டியது. நடுவில் கொப்புளம் எழும் முன்பே அடுப்பை அணைத்துவிட்டேன்.

அப்படியும் லேசாகத் திரிந்தது. காரணம் மண்சட்டி: அணைத்த பின்னும் அது சூட்டை விடாமல் கொதித்துக்கொண்டே இருந்தது. அதனால் இப்போதெல்லாம் மண்சட்டியானால் அடுப்பை அணைத்து இரண்டு நிமிடம் கழித்தே தலைப்பாலை ஊற்றுகிறேன். அந்தச் சட்டிச் சூடே போதும். எலுமிச்சைச் சாற்றையும் சொதி நன்றாகச் சூடு தணிந்த பிறகுதான் பிழிகிறேன்.

திரிந்துவிட்டால் ஒரு தேக்கரண்டி அரிசி மாவைத் தண்ணீரில் கரைத்து ஊற்றி ஒரு கொதி விடலாம். குழம்பு ஓரளவு சேர்ந்தாற்போல் தெரியும், ஆனால் பழைய வழவழப்பு வராது. சாப்பிடுவதில் கெடுதல் இல்லை. மீந்த சொதியை மறுபடி அடுப்பில் ஏற்றினால் அதுவும் திரியும் என்பதால், கொதிநீர்ப் பாத்திரத்துக்குள் கிண்ணத்தோடு வைத்துச் சூடாக்குகிறேன்.