பாட்டு தொடங்கிய இடம்

பல வருடம் கழித்து ஒரு பாட்டு காதில் விழுகிறது, அதை வைத்து ஒரு நினைவுக் கட்டுரை எழுதலாம் என்று தோன்றுகிறது. அப்போது முதலில் செய்ய வேண்டியது, அந்தப் பாட்டைத் தேடி உடனே மறுபடி போடாமல் இருப்பதுதான். எனக்கு அது காத்திருப்பு அறை ஒன்றில், பக்கத்து இருக்கைக்காரரின் கைபேசியிலிருந்து கேட்டது. பாதியிலேயே நிறுத்திவிட்டார். மீதியைக் கேட்டே ஆக வேண்டும் என்று இருந்தது, ஆனாலும் தேடவில்லை. மனதில் வந்ததை வந்த வரிசையிலேயே கைபேசியில் குறித்துக்கொண்டேன். வாக்கியம் எதுவும் அமைக்கவில்லை. "அக்காவின் விரல். ரெண்டு பட்டன். யாரும் பேசக் கூடாது. தரை சில்லென்று." இவ்வளவுதான். பாட்டின் முதல் வரியே எனக்கு அதற்கப்புறம்தான் ஞாபகம் வந்தது.

இப்படித் தள்ளிப்போடுவதற்குக் காரணம் இருக்கிறது. ரொம்ப நாள் கேட்காத பாட்டு பழைய காலத்தோடு மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கும். அதையே இப்போது திரும்பத் திரும்பப் போட்டால், இன்றைய அறையும் இன்றைய மனநிலையும் அதோடு சேர்ந்து ஒட்டத் தொடங்கும். ஒரே தூண்டுதலோடு பல நினைவுகள் பிணைந்துவிட்டால், அவற்றில் ஒன்றை மட்டும் அது எழுப்புவது கடினமாகிவிடும் என்று நினைவைப் பற்றிப் படிக்கும் உளவியலாளர்கள் சொல்கிறார்கள். முதல் கேட்பில் கிடைப்பதைக் குறித்துவைத்துவிட்டால், பிறகு எத்தனை முறை கேட்டாலும் கவலை இல்லை.

மறுநாள் அந்தக் குறிப்புகளை வைத்து முதல் வரைவு எழுதினேன். படித்துப் பார்த்தால் எல்லா வினைச்சொல்லும் ஒரே மாதிரி முடிந்திருந்தது. ரேடியோ முன்னால் உட்காருவோம், காத்திருப்போம், அக்கா பட்டனை அழுத்துவாள், நான் மூச்சைப் பிடித்துக்கொள்வேன். நினைவுக் கட்டுரை இன்னும் நினைவுக்குள் போகவில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான அடையாளம் எனக்குத் தெரியாது. பத்து வயதிலிருந்து முப்பது வயதுக்குள் நடந்தவைதான் பிற்காலத்தில் அதிகமாக ஞாபகம் வருகின்றன என்பது ஆய்வுகளில் பலமுறை கண்ட விஷயம். அந்த வயதில் கேட்ட பாட்டு நினைவுகளை அள்ளிக்கொண்டுதான் வரும். ஆனால் நூறு மாலை நேரங்களைக் கலந்து ஒரே மாலையாகத் தந்துவிடும். "செய்வோம்" என்று எழுதும்வரை எழுதுகிறவர் அந்தக் கலவையில்தான் இருக்கிறார். "செய்தாள்" என்று எழுத ஒரு குறிப்பிட்ட நாள் வேண்டும்.

அந்த நாளைத் தேடித்தான் பாட்டை மறுபடி கேட்க உட்கார்ந்தேன். இந்த முறை முழுப் பாட்டாக ஓடவிடவில்லை. முகப்பிசை, பல்லவி, முதல் இடையிசை, சரணம் என்று துண்டு துண்டாக நிறுத்தி, ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் என்ன தோன்றுகிறது என்று எழுதினேன். சரணங்களுக்குப் பக்கத்தில் பெரிதாக ஒன்றும் இல்லை. முகப்பிசை எனக்குச் சுத்தமாக அறிமுகமே இல்லாத இசையாக இருந்தது! அத்தனை முறை கேட்ட பாட்டுக்கு இப்படி ஒரு தொடக்கம் உண்டா என்று இருந்தது. வயலின்கள் ஓய்ந்து, பல்லவிக்கு முன்னால் தபேலா நுழைகிற இடத்திலிருந்துதான் பாட்டு "என்னுடையதாக" ஆனது.

ஏன் என்று கொஞ்ச நேரத்தில் பிடிபட்டது. எங்களிடம் இருந்தது ரேடியோவிலிருந்து கேசட்டில் பதிவு செய்த பாட்டு. என்ன பாட்டு என்று தெரிந்த பிறகுதான் அக்கா பதிவு பட்டனையும் ப்ளே பட்டனையும் சேர்த்து அழுத்துவாள். தெரிவதற்குள் முகப்பிசை போய்விடும். ஆக, எங்கள் கேசட்டில் பாட்டு தொடங்கிய இடம் அவள் விரல் அழுத்திய இடம். கட்டுரையின் வாசல் அங்கேதான் இருந்தது. ஒரு பாட்டு வாசலாக வேண்டுமென்றால், அதில் எல்லாரும் கேட்கிற இடத்தை விட்டுவிட்டு, உங்கள் பிரதியில் மட்டும் இருந்த கோளாறைத் தேடுங்கள். வெட்டுப்பட்ட தொடக்கம், நடுவில் நாடா இழுபட்ட இடம், பாட்டுக்கு மேல் விழுந்த யாரோ ஒருவரின் இருமல், எதுவாகவும் இருக்கலாம். பாட்டு எல்லாருக்கும் பொது, அந்தக் கோளாறு உங்கள் வீட்டோடது.

அந்த விரலைப் பிடித்துக்கொண்டதும் குறிப்பிட்ட நாள் வந்துவிட்டது. கேசட்டில் நாடா வெளியே தெரியும் பக்கத்துக்கு எதிர் விளிம்பில், இரண்டு ஓரத்திலும் சின்ன பிளாஸ்டிக் துண்டு இருக்கும். அதை உடைத்துவிட்டால் அந்தப் பக்கத்தில் வேறு எதையும் பதிவு செய்ய முடியாது, பதிவு பட்டன் இறங்காது. ஒரு மாலை அக்கா அந்தத் துண்டைப் பேனா முனையால் நெம்பி உடைத்தாள். தெறித்த துண்டை நான் தரையில் கை வைத்துத் தேடினேன். குறிப்பில் இருந்த "சில்லென்று" அதுதான். வேறு எந்தக் கேசட்டுக்கும் அவள் அப்படிச் செய்ததில்லை.

இந்த இடத்தில் கட்டுரைக்கு ஒரு கேள்வியும் கிடைத்தது. அக்காவுக்கு அப்போது பிடித்தவை வேகமான பாட்டுகள். இது மெதுவான, கொஞ்சம் பழைய பாட்டு. இதை ஏன் அழியாமல் காப்பாற்றினாள்? இப்படி ஒரு கேள்வி இல்லாவிட்டால் ஏக்கத்தை மட்டும் வைத்து ஒரு பக்கத்தைத் தாண்டுவது கஷ்டம்.

அவளிடமே கேட்டேன். அதிலும் ஒரு முறை வைத்துக்கொண்டேன். பாட்டை அனுப்பவில்லை, என் நினைவையும் சொல்லவில்லை. சொன்னால் கேட்பவருக்கும் அதே நினைவு இருப்பதுபோலத் தோன்ற ஆரம்பித்துவிடும். "அக்கா, அந்தக் காலத்துல ஒரு கேசட்டை அழியாம இருக்கணும்னு உடைச்சு வெச்சியே, ஞாபகம் இருக்கா?" என்று மட்டும் கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "அது அப்பாவுக்குடா. அவர் வாயத் திறந்து கேட்டது அந்த ஒரு பாட்டுதான்" என்றாள். என் நினைவில் அப்பா அந்த அறையிலேயே இல்லை. அவள் நினைவில் அவர் கதவருகே நின்றுகொண்டிருந்தார்.

இரண்டையும் ஒன்றாக்க நான் முயலவில்லை. என் அறையில் அப்பா இல்லை என்றே எழுதி, அடுத்த பத்தியில் அக்கா சொன்னதை அவள் வார்த்தையிலேயே வைத்தேன். அவர் அங்கே நின்றதை நானே பார்த்ததுபோல எழுதியிருந்தால் காட்சி இன்னும் உருக்கமாக வந்திருக்கும். ஆனால் அது என் நினைவாக இருந்திருக்காது.

பாட்டுக்குக் கட்டுரையில் எவ்வளவு இடம் என்பதில்தான் கடைசியாக வெட்டினேன். முதல் வரைவில் ஒரு பக்கம் முழுக்கப் பாட்டைப் புகழ்ந்திருந்தேன், வரிகளையும் எடுத்துப் போட்டிருந்தேன். பாட்டு தெரியாதவருக்கு அந்த வரிகள் வெறும் எழுத்து. தெரிந்தவருக்கோ அவரவர் வீடு ஞாபகம் வந்து, என் அக்காவை மறந்துவிடுவார். இப்போது பாட்டின் பெயர் ஒரே ஒரு தடவை வருகிறது. வெட்டுப்பட்ட முகப்பிசைக்கு ஒரு பத்தி, அதன் பிறகு பாட்டே கிடையாது. மீதிப் பக்கங்கள் எல்லாம் அப்பாவும் அக்காவும், அந்தக் கேசட்டை அவள் அவரிடம் எப்படிச் சேர்த்தாள் என்பதும்தான். அதை எழுத அவளோடு இன்னும் இரண்டு மூன்று முறை பேச வேண்டியிருந்தது. பாட்டிலிருந்து அந்தப் பகுதிக்கு ஒன்றும் கிடைக்கவில்லை.