எந்த இரண்டாம் விதி?

கியர்களின் மேற்பரப்பு கடினமாவதற்காக உலையில் கார்பன் ஏற்றுவதைக் கார்புரைசிங் என்பார்கள். அதைச் செய்யும் ஒரு தொழிற்சாலையில் உலைப் பிரிவில் வேலை பார்த்தேன். கார்பன் 1 மில்லிமீட்டர் ஆழம் வரை ஏறிக்கொண்டிருந்த ஒரு கியருக்கு 2 மில்லிமீட்டர் வேண்டும் என்று வாடிக்கையாளர் கேட்டார். பிளானிங்கில் இருந்தவர் உலை நேரத்தை இரண்டு மடங்காக்கி அட்டவணை போட்டார். மெட்டலர்ஜி மேனேஜர் அதில் "இரண்டாம் விதிப்படி போதாது" என்று மட்டும் எழுதித் திருப்பி அனுப்பிவிட்டார்.

பிளானிங்காரர் மெக்கானிக்கல் படித்தவர். இரண்டாம் விதி என்றதும் அவருக்கு வெப்ப இயக்கவியல்தான் நினைவுக்கு வந்தது. "புகைபோக்கியில் போகிற வெப்பத்தைப் பற்றிச் சொல்றீங்களா சார்?" என்று எரிவாயுக் கணக்கோடு வந்து நின்றார். பக்கத்தில் இருந்த டிசைன்காரருக்கோ அது நியூட்டனின் விதி, விசைக்கும் முடுக்கத்துக்கும் உள்ள உறவு. மூவருமே படித்ததைத்தான் சொன்னார்கள்.

மேனேஜர் நினைத்தது ஃபிக்கின் இரண்டாம் விதியை. அடோல்ஃப் ஃபிக் ஜெர்மானிய உடலியல் அறிஞர். பரவலைப் பற்றிய தன் விதிகளை 1855இல் வெளியிட்டார். செறிவு மிகுந்த இடத்திலிருந்து குறைந்த இடத்துக்குப் பொருள் எவ்வளவு வேகமாக நகரும் என்பது முதல் விதி. அதனால் ஓரிடத்தின் செறிவு நேரத்தோடு எப்படி மாறும் என்பது இரண்டாவது. பொருள் அழியாது என்பதை முதல் விதியோடு சேர்த்தாலே இரண்டாவது வந்துவிடும். வெப்ப இயக்கவியலில் அப்படி இல்லை. ஆற்றல் அழியாது என்ற முதல் விதியை வைத்து இரண்டாவதை வருவிக்க முடியாது. எண் ஒன்றுதான், விதிகளின் தகுதி வேறு.

சரி, கியருக்கு வருவோம். மேற்பரப்பில் கார்பன் அளவு மாறாமல் இருந்தால், ஃபிக்கின் இரண்டாம் விதிப்படி கார்பன் ஏறும் ஆழம் நேரத்தின் வர்க்கமூலத்தோடு வளரும். 925 டிகிரி செல்சியஸில் உலைக்காரர்கள் பயன்படுத்தும் தோராயச் சூத்திரம் இது: மணி நேரத்தின் வர்க்கமூலத்தை 0.635ஆல் பெருக்கினால் மொத்த ஆழம் மில்லிமீட்டரில் கிடைக்கும். 1 மில்லிமீட்டருக்குச் சுமார் இரண்டரை மணி நேரம், 2 மில்லிமீட்டருக்குச் சுமார் பத்து மணி நேரம். அட்டவணையில் இருந்த ஐந்து மணி நேரத்தில் 1.4தான் வரும்.

955 டிகிரிக்கு ஏற்றினால் பத்து மணி நேரம் ஏழாகக் குறையும். ஆனால் எஃகுக்குள் இருக்கும் படிக மணிகள் அளவில் பெரிதாக வாய்ப்பு உண்டு, கியர்களை வைக்கும் தட்டுகளும் சீக்கிரம் வளைந்துபோகும். மேனேஜர் அதற்குச் சம்மதிக்கவில்லை. எனக்கும் அதுதான் சரியென்று பட்டது.

இந்தச் சூத்திரத்தைக் கண்ணை மூடிக்கொண்டு நம்பவும் கூடாது. உலை வாயுவில் கார்பன் குறைந்தால் கணக்கில் வந்த ஆழம் வராது. அதிகமானாலோ கியர்மேல் கரி படியும். அதனால் கியர்களோடு ஒரு சோதனைத் துண்டையும் உள்ளே வைத்து, பிறகு அதை வெட்டி, விளிம்பிலிருந்து உள்நோக்கிக் கடினத்தன்மையை அளப்போம். கடினத்தன்மை விக்கர்ஸ் அளவுகோலில் 550க்கு இறங்கும் இடம்தான் கியரின் வரைபடம் கேட்கும் ஆழம். சூத்திரம் தரும் மொத்த ஆழத்தைவிட அது குறைவாகவே இருக்கும். அதையும் சேர்த்து பிளானிங்காரர் பத்து மணி நேரத்துக்கு மேலேயே அட்டவணை போட்டார். குறிப்புப் பகுதியில் "ஃபிக்" என்று பெயரையும் எழுதி வைத்தார்.