ஐஸ் பெட்டியும் ஒரு பக்கச் செய்திக்குறிப்பும்: செய்முறைத் தேர்வு அனுபவம்

மக்கள் தொடர்புப் பட்டயப் படிப்பின் செய்முறைத் தேர்வைப் புதுச்சேரியில் எழுதினேன். கணினியில் ஒரு பவர்பாயிண்ட் கோப்பு திறந்திருக்கும். புதிய பொருளைச் சந்தைக்குக் கொண்டுவரும் நிறுவனம் தன் விற்பனையாளர்களுக்குப் போட்டுக்காட்டிய ஸ்லைடுகள் அதில் இருக்கும். அவற்றைப் படித்து, நாளிதழ்களுக்கு அனுப்பத்தக்க செய்திக்குறிப்பைத் தமிழில் எழுதித் தர வேண்டும். தலைப்பு, இரண்டு மேற்கோள்கள், முக்கியத் தகவல்கள் எல்லாம் சேர்ந்து ஒரே பக்கத்துக்குள் அடங்க வேண்டும். அடுத்த முறை எழுதப்போகிறவர்கள் சிலர் விசாரித்ததால், எனக்கு வந்த வினாவையே எடுத்துச் சொல்கிறேன். நிறுவனமும் பொருளும் வினாவுக்காகக் கற்பனையாக அமைக்கப்பட்டவை.

பொருள், மீன் விற்கும் பெண்களுக்கான 25 லிட்டர் ஐஸ் பெட்டி. இரட்டைச் சுவர், நடுவே நுரை அடைப்பு, அடியில் உருகிய தண்ணீர் தேங்குவதற்குத் தனித் தட்டு. 14 ஸ்லைடுகள். முதல் ஸ்லைடில் ‘குளிரின் புதிய அலை’ என்ற வாசகமும் கடல் படமும். பிறகு சந்தையின் நிலை, மீன் வீணாவதால் வரும் இழப்பு, நிறுவனத்தின் கனவு என்று நகர்ந்து, ஏழாவது ஸ்லைடில்தான் பெட்டியே கண்ணில் படுகிறது. விலை பன்னிரண்டாவதில். எங்கே, எப்போது கிடைக்கும் என்பது கடைசிக்கு முந்தியதில்.

அரங்கத்தில் உட்கார்ந்திருப்பவர் எழுந்து போக மாட்டார். அவரிடம் கடைசியில் சொல்லிக்கொள்ளலாம். நாளிதழின் உதவி ஆசிரியர் அப்படி இல்லை. முதல் பத்தியைப் பார்த்தே முடிவெடுப்பார். இடம் போதாவிட்டால் கீழேயிருந்து வெட்டுவார். எனவே ஸ்லைடுகளின் வரிசையிலேயே எழுதிக்கொண்டு போனால், அவர் வெட்டும் பகுதியில்தான் விலையும் தேதியும் இருக்கும். கோப்பைக் கடைசி ஸ்லைடிலிருந்து முன்னோக்கிப் படிப்பதை நான் வழக்கமாக வைத்திருந்தேன். செய்திக்கு வேண்டியவற்றில் பெரும்பகுதி பின்பாதியிலேயே கிடைத்துவிடும்.

படிப்பதிலும் ஒரு முறை உண்டு. திரையில் தெரியும் ஸ்லைடு பாதிதான். ஒவ்வொரு ஸ்லைடுக்கும் கீழே, பேசுபவர் தனக்காக எழுதிவைத்த குறிப்புகள் இருக்கும். `View` பட்டியலில் `Notes Page` என்பதைத் திறந்தால் அவை வரும். வரைபடத்தின் மேல் வலது சொடுக்கில் `Edit Data` கொடுத்தால் அதன் பின்னாலுள்ள எண்கள் தெரியும். வினா அமைத்தவர் முக்கியமானவற்றை அங்கேதான் வைத்திருந்தார். நிஜ அலுவலகங்களிலும் அப்படித்தான்; ஸ்லைடில் முழக்கம் இருக்கும், குறிப்பில் விஷயம் இருக்கும்.

ஒன்பதாவது ஸ்லைடைப் பாருங்கள். இரண்டு கம்பங்கள்: தெர்மகோல் பெட்டியில் ஐஸ் 14 மணி நேரம், புதிய பெட்டியில் 36 மணி நேரம். மேலே பெரிய எழுத்தில் ‘மூன்று மடங்கு நீடிக்கும்!’. 36ஐ 14ஆல் வகுத்தால் இரண்டரைக்குச் சற்று மேல்தான் வருகிறது. அதைத் திருத்தி ‘இரண்டரை மடங்கு’ என்று எழுதினால் போதும் என்று தோன்றும். கீழுள்ள குறிப்பைப் படித்தால், சோதித்த தெர்மகோல் பெட்டி இரண்டு பருவம் உபயோகித்துப் பழசானது என்று இருக்கிறது. பழசையும் புதுசையும் ஒப்பிட்டுச் சொல்லும் மடங்குக் கணக்கு எதுவானாலும் நிற்காது. ஒப்பீட்டையே விட்டுவிட வேண்டியதுதான். 36 மணி நேரம் என்பதை மட்டும் எடுத்துக்கொள்ளலாம், அதுவும் நிபந்தனையோடு. ஸ்லைடின் அடியில் நட்சத்திரக் குறியிட்டுப் பொடி எழுத்தில் இருந்தது: நிழலில் 30 டிகிரி, பெட்டி நிறைய ஐஸ், நாளுக்கு நான்கு முறைக்கு மேல் திறக்காமல். மே, ஜூன் வெயிலில் கடலூர் முதுநகரில் கூடை வைத்து விற்கும் பெண்ணுக்கு இந்த மூன்றும் ஒன்றாக அமைவது அபூர்வம். ஆகவே ‘வரை’ என்ற சொல்லும் அந்த நிபந்தனையும் எண்ணை விட்டுப் பிரியக் கூடாது.

விலையிலும் இதே கவனம் வேண்டும். பன்னிரண்டாவது ஸ்லைடில் ‘வெறும் ரூ.2,490!’. அது வரி சேர்க்காத விலை. ஸ்லைடு விற்பனையாளர்களுக்கானது என்பதால் அவர்கள் கணக்கில் சொல்லியிருக்கிறார்கள். வாங்குபவர் கொடுக்கப்போகும் தொகை, வரியுடன் ரூ.2,938, குறிப்பில் இருந்தது. நாளிதழ் வாசகருக்கு அதுதான் விலை. அடுத்த ஸ்லைடில் இருந்த விற்பனையாளர் கழிவு, அடுத்த ஆண்டு வரப்போகும் பெரிய பெட்டி, போட்டி நிறுவனத்தின் குறைகள் ஆகிய மூன்றையும் தொடவே கூடாது. அவை வீட்டுக்குள் பேசியவை. தகவல் விடுபட்டால் ஒரு மதிப்பெண் போகும். இவற்றில் ஒன்று வெளியே போனால் தாளே போகும் என்று எங்கள் ஆசிரியர் சொல்லிவைத்திருந்தார். சற்றுக் கடுமைதான், ஆனால் வேலையில் சேர்ந்தபின் அந்தக் கடுமை நியாயமாகவே படுகிறது.

இனித் தலைப்பு. ‘குளிரின் புதிய அலை’ தலைப்பாகாது. எந்தப் பொருள் என்றே அதில் இல்லை. ‘இந்தியாவின் முதல்’ என்று நான்காவது ஸ்லைடில் ஒரு வரி இருந்தது. ஆதாரம் எங்கும் தரப்படவில்லை, எனவே அதுவும் ஆகாது. தலைப்புக்கு வேண்டியது யாருக்கு, என்ன, எப்போது. இந்த வினாவில் ‘எப்போது’ என்பதில்தான் செய்தியே இருந்தது. கிழக்குக் கடற்கரையில் ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். பெட்டி விற்பனைக்கு வரும் தேதி ஜூன் 15. ஸ்லைடில் தேதி மட்டும்தான் போட்டிருந்தார்கள், காரணம் சொல்லவில்லை. கடலோர ஊர்க்காரருக்கு அந்தத் தேதியைக் கண்டதும் பொறி தட்ட வேண்டும். நான் எழுதிய தலைப்பு இது:

மீன் விற்கும் பெண்களுக்குப் புதிய ஐஸ் பெட்டி: தடைக்காலம் முடிந்ததும் விற்பனை

நிறுவனத்தின் பெயர் தலைப்பில் இல்லை. பெயர் ஊரறிந்ததாக இருந்தால் போடலாம். புதிய நிறுவனத்தின் பெயர் அங்கே இடத்தை அடைக்குமே தவிர வாசகரை இழுக்காது. முதல் பத்தியில் கட்டாயம் வர வேண்டும். இங்கே அந்த இடத்தைப் பொதுவாக விட்டுக் காட்டுகிறேன்:

> கடலூர், ஜூன் 10: மீன் விற்கும் பெண்கள் பஸ்ஸில் எடுத்துச் செல்லத்தக்க 25 லிட்டர் ஐஸ் பெட்டியைப் புதுச்சேரியைச் சேர்ந்த (நிறுவனத்தின் பெயர்) அறிமுகப்படுத்தியுள்ளது. மீன்பிடித் தடைக்காலம் முடிந்த மறுநாளான ஜூன் 15 முதல் கடலூரிலும் புதுச்சேரியிலும் கிடைக்கும் இதன் விலை, வரியுடன் ரூ.2,938.

‘வரும் திங்கள்கிழமை’, ‘அடுத்த வாரம்’ என்றெல்லாம் எழுத வேண்டாம். செய்திக்குறிப்பு ஒரு நாளில் போகும், இதழில் இன்னொரு நாளில் வரும். தேதியே போடுங்கள்.

மேற்கோள்தான் பலருக்கும் சறுக்கும் இடம். ஸ்லைடில் உள்ள வரியை எடுத்து, இரு பக்கமும் மேற்கோள் குறி போட்டு, ‘என்றார் நிர்வாக இயக்குநர்’ என்று முடித்துவிடுகிறார்கள். ‘குளிர்காப்புத் துறையில் புதுமையின் உச்சத்தைத் தொட்டதில் பெருமகிழ்ச்சி அடைகிறோம்’ என்று எந்த மனிதரும் வாய்திறந்து பேசுவதில்லை. உதவி ஆசிரியர் முதலில் அடிப்பதும் அந்த வரியைத்தான். எண், விலை, அளவு ஆகியவற்றை மேற்கோளுக்குள் வைப்பதும் வீண். அவற்றைச் செய்தியாகவே சொல்லலாம். மேற்கோளில் வர வேண்டியது, அந்த மனிதர் மட்டுமே சொல்லக்கூடிய காரணமோ கருத்தோ.

மூன்றாவது ஸ்லைடின் குறிப்பில் நிர்வாக இயக்குநர் பேசுவதற்காக எழுதிய வரி இது: “சாயங்காலம் ஐஸ் கரைந்துவிட்டதென்று மிச்ச மீனைப் பாதி விலைக்குத் தள்ளிவிடுவதைப் பார்த்தோம். அங்கேதான் இந்தப் பெட்டி தொடங்கியது.” இதைவிட நல்ல மேற்கோளை நாமாக எழுத முடியாது, எழுதவும் கூடாது. சொற்களை மாற்றாமல் எடுத்தேன். குறிப்பில் இப்படி எதுவும் கிடைக்காவிட்டால், அவர் கருத்துக்கு ஒட்டிய வரைவை எழுதி, ஓரத்தில் ‘பேசுபவரின் ஒப்புதலுக்கு’ என்று குறித்துவிட வேண்டும். ஒப்புதல் இல்லாத மேற்கோள் வெளியே போவதில்லை என்பது தொழிலில் மீறாத வழக்கம். விடைத்தாளிலும் அதைக் காட்டினால் திருத்துபவர் கவனிப்பார்.

இரண்டாவது மேற்கோள் பெட்டியை உபயோகித்துப் பார்த்த ஒருவருடையது. ஸ்லைடில் ஒரு அம்மாவின் படமும் ‘சூப்பர் பெட்டி!’ என்ற வரியும். குறிப்பில் அவர் சொன்னது முழுதாக இருந்தது: “மறுநாள் காலையிலும் ஐஸ் இருந்தது. தண்ணீர் ஒழுகுகிறது என்று கண்டக்டர் கூடையை இறக்கச் சொல்லவில்லை.” கூடவே, பெயரும் படமும் வெளியிட வேண்டாம் என்று கேட்டிருப்பதாகவும் எழுதியிருந்தது. ஆகவே ‘சோதனையில் பங்கேற்ற தேவனாம்பட்டினத்தைச் சேர்ந்த மீன் விற்பனையாளர் ஒருவர்’ என்று மட்டும் எழுதினேன். பெயர் இல்லாத மேற்கோளுக்கு இதழ்களில் மதிப்புக் குறைவுதான். ஆனாலும் கண்டக்டர் வரும் அந்த வரிக்காகவே செய்தி ஒரு பத்தி கூடுதலாக வெளிவரலாம் என்று நினைத்தேன். அடித்தட்டு எதற்கு என்று தனியாக விளக்கும் வேலையும் அதனால் மிச்சமாயிற்று.

முக்கியத் தகவல்களைக் கடைசியில் தனியாகக் கொடுத்தேன். செய்தியாளர் சரிபார்க்க இந்த இடத்துக்குத்தான் வருவார்; அதனால் மேலே செய்தியில் உள்ள எண்ணும் இங்குள்ள எண்ணும் ஓர் இலக்கம்கூட மாறக் கூடாது.

> கொள்ளளவு: 25 லிட்டர்
> காலிப் பெட்டியின் எடை: 4 கிலோ
> ஐஸ் நீடிக்கும் நேரம்: 36 மணி நேரம் வரை (நிழலில் 30 டிகிரி, பெட்டி நிறைய ஐஸ், நாளுக்கு நான்கு முறைக்கு மேல் திறக்காமல்)
> விலை: ரூ.2,938, வரியுடன்
> விற்பனை தொடக்கம்: ஜூன் 15, கடலூர், புதுச்சேரி

அதன் கீழே நிறுவனம் குறித்து மூன்று வரி, தொடர்புக்கு ஒருவரின் பெயர், தொலைபேசி எண். மேலே இடது மூலையில் ‘உடனடி வெளியீட்டுக்கு’. இவை வழக்கமானவை, கடைசி நேரத்துக்கு விட்டுவிட்டு மறந்துவிடாமல், உட்கார்ந்ததும் தட்டி வைத்துவிடுங்கள்.

நேரம் மிஞ்சினால், எழுதிய செய்திக்குறிப்பைக் கடைசிப் பத்தியிலிருந்து ஒவ்வொன்றாக மறைத்துக்கொண்டே படித்துப் பாருங்கள். மூன்று பத்தி மறைந்த பிறகும் என்ன பொருள், யாருக்கு, எவ்வளவு, எங்கே, எப்போது என்பது நின்றால் வரிசை சரி. விலை மறைந்துபோனால் அதை மேலே தூக்குங்கள்.

கோப்பைச் சேமிக்கும் முன் இன்னொன்றும் பார்க்க வேண்டும். எழுத்து யுனிகோடில் இருக்கிறதா? பழைய எழுத்துருவில் தட்டினால், அந்த எழுத்துரு இல்லாத கணினியில் அத்தனையும் ஆங்கிலக் கிறுக்கலாகத் தெரியும். திருத்துபவர் எந்தக் கணினியில் திறப்பார் என்று நமக்குத் தெரியாது. படமாகவோ பிடிஎஃப் ஆகவோ மட்டும் கொடுத்தாலும் செய்தியாளரால் எளிதில் நகலெடுக்க முடியாது. வேர்டு கோப்பாகவே கொடுத்துவிட்டு எழுந்து வாருங்கள்.