தோப்பு வீட்டுப் பூனையும் காது மைட்டும்: கிளினிக் நாட்குறிப்பு

ஜூன் 3

கோபிசெட்டிபாளையத்துக்கு வெளியே ஒரு தோப்பு வீட்டிலிருந்து தாய்ப்பூனை வந்தது, 3 கிலோ. இரண்டு காதிலும் காப்பித்தூள் போலக் காய்ந்து உதிரும் கருப்பு மெழுகு. மடலைத் தேய்த்ததும் அந்தப் பக்கத்துப் பின்னங்கால் தானாகவே சொறிய ஆரம்பிக்கிறது. "காதுல மண்ணு போயிருச்சுங்களா டாக்டர்?" என்று அந்த அம்மா கேட்டார்.

மெழுகின் நிறத்தைப் பார்த்தே, காதில் வாழும் மிகச் சின்ன ஒட்டுண்ணியான மைட் என்று எழுதிவிடக் கூடாது. ஈஸ்ட் என்ற பூஞ்சைத் தொற்றிலும் கரும்பழுப்பு மெழுகு வரும், இரண்டுக்கும் மருந்து வேறு. அதனால் ஒரு காதுக்கு இரண்டு பஞ்சுக்குச்சி எடுப்போம். முதல் குச்சியை உலர்ந்த ஸ்லைடில் உருட்டிச் சாயம் போட வைத்துவிட வேண்டும். இரண்டாவதை லிக்விட் பாராஃபினில் நனைத்து மெழுகை எடுத்து, ஸ்லைடில் இரண்டு சொட்டு பாராஃபின் விட்டு, அதில் நன்றாகக் கரைக்க வேண்டும். தண்ணீரில் மெழுகு பிரியாது, சீக்கிரம் காய்ந்தும் விடும். பாராஃபினில் மைட் உயிரோடு நகர்ந்துகொண்டே இருப்பதால் கண்ணில் பட்டுவிடும்.

மெழுகு கெட்டியாக இருந்தால் வெளிச்சம் ஊடுருவாது, எல்லாமே கருப்பாகத்தான் தெரியும். ஸ்லைடைச் செய்தித்தாள் மேல் வைத்தால் கீழே உள்ள எழுத்து தெரிய வேண்டும். தெரியாவிட்டால் இன்னும் எண்ணெய் விட்டுப் பரப்ப வேண்டும். பிறகு கவர்ஸ்லிப் போட்டு, மைக்ரோஸ்கோப்பின் 4x லென்ஸில், கண்டென்சரை இறக்கி, வெளிச்சத்தைக் குறைத்து, ஓரத்திலிருந்து வரிசையாக ஸ்லைடு முழுவதும் ஓட்டிப் பார்க்க வேண்டும்.

இந்த ஸ்லைடில் இரண்டாவது வரிசையிலேயே காது மைட் கிடைத்தது: ஓட்டோடெக்டிஸ் சைனோட்டிஸ். ஏறக்குறைய 0.4 மி.மீ. உடம்பு, கால் நுனியில் குட்டைக் காம்பில் உறிஞ்சி. பெண் மைட்டுக்கு நான்காவது ஜோடிக் கால் மிகச் சிறியது என்பதால் ஆறு கால்தான் என்று தோன்றும். லார்வாவுக்கு உண்மையிலேயே ஆறு கால்தான். பக்கத்தில் சுமார் 0.2 மி.மீ. நீள்வட்ட முட்டைகள். காற்றுக்குமிழியை முட்டை என்று எண்ணிவிடுவது புதிதாகப் பார்ப்பவர்களுக்கு வழக்கம். குமிழி சுத்தமான வட்டம், ஓரம் தடித்த கருப்பு, உள்ளே ஒன்றும் இருக்காது.

ஜூன் 4

வீட்டில் உள்ள மற்றவற்றையும் வரச் சொல்லியிருந்தோம். சுமார் 800 கிராம் எடையில் இரண்டு குட்டிகள், ஒன்பது வாரம். ஒரு நாட்டு நாய், 15 கிலோ. குட்டிகளின் ஸ்லைடில் மைட் நிறைய. நாயின் ஸ்லைடில் ஒன்றும் இல்லை, ஆனால் காது சிவந்திருக்கிறது. நாயின் காதில் ஓரிரண்டு மைட்டே பெரிய அரிப்பைக் கிளப்பும், குச்சியில் அகப்படாமலும் போகும். அதனால் ஸ்லைடில் இல்லை என்றாலும் நாய்க்கும் மருந்து உண்டு. ஒன்றை விட்டுவிட்டால் மற்றவற்றுக்கு அதிலிருந்தே திரும்பி வரும்.

செவிப்பறை முழுசாக இருப்பதை ஓட்டோஸ்கோப்பில் பார்த்த பிறகுதான் காதைக் கழுவினோம். கிழிந்திருந்தால் கழுவும் மருந்தும் ஜென்டாமைசின் சொட்டும் உட்காதுக்குப் போய்ச் செவிடாக்கிவிடும்.

பிறகு பிடரித் தோலில் செலமெக்டின் என்ற மைட் மருந்து: தாய்க்கு 45 மி.கி. டியூப், குட்டிகளுக்கு 15 மி.கி., நாய்க்கு 120 மி.கி. எட்டு வாரம் ஆகாத பூனைக்குட்டிக்கு இது கிடையாது. முட்டையிலிருந்து மைட் முழு வளர்ச்சி அடைய மூன்று வாரம் போல ஆகும், காதில் விடும் சொட்டுகள் பலவும் முட்டையைக் கொல்லாது. நான்கு நாள் மட்டும் சொட்டு போட்டு, அரிப்பு குறைந்ததும் நிறுத்தினால், மறுபடி வருவது இதனால்தான். மைட் சில வால், பாதம் பக்கமும் ஊர்ந்து திரியும், அங்கே காதுச் சொட்டு எட்டாது.

ஜூன் 11

அந்த வீட்டிலிருந்து போன்: "மாட்டுக்கு வச்சிருக்கற ஐவர்மெக்டின் ஊசியை ஒண்ணு போட்டுறலாங்களா?"

வேண்டவே வேண்டாம் என்று சொல்லிக் கணக்கையும் விளக்கினோம். அந்தக் குப்பியில் ஒரு மில்லிக்கு 10 மி.கி. கிலோவுக்கு 0.2 மி.கி. என்று வைத்தாலும் தாய்க்கு 0.06 மில்லிதான். ஒரு புள்ளி தவறி 0.6 ஆனால் பத்து மடங்கு. குட்டிக்கு 0.016 மில்லி வரும், அதைச் சாதாரண சிரிஞ்சில் அளக்கவே முடியாது. அளவு மீறினால் தள்ளாட்டம், கண்பாவை விரிந்து பார்வை போதல், மயக்கம். கோலி இன நாய்களில் சிலவற்றுக்குக் குறைந்த அளவு கொடுத்தாலே ஆபத்து. ஏற்கெனவே செலமெக்டின் போட்டிருக்கும்போது அதே குடும்பத்து மருந்தை மேலே ஏற்றுவது இன்னும் மோசம்.

வேப்பெண்ணெயில் கற்பூரம் கலந்து விடலாமா என்றும் கேட்டார்கள். கற்பூரம் பூனைக்கு நஞ்சு, காதில் விட்டதை அது பாதத்தால் துடைத்து நக்கிவிடும். பெர்மெத்ரின் உள்ள நாய் மருந்தும் பூனை பக்கம் வரக் கூடாது.

ஜூலை 1

தாயும் நாயும் ஒரு குட்டியும் சுத்தம். நாய்க்கு மட்டும், சில நாய்களுக்கு ஒரு மாதம் கழித்து இன்னொரு டோஸ் தேவைப்படும் என்பதால், இரண்டாவது டியூப் போட்டோம்.

மற்றக் குட்டிக்கு மெழுகும் அரிப்பும் இன்னும் இருக்கின்றன. மருந்து வேலை செய்யவில்லை என்று நினைக்கத் தோன்றும். பாராஃபின் ஸ்லைடில் நகரும் மைட் இல்லை, முட்டையும் இல்லை, உரித்துப் போட்ட தோல் மட்டும் கிடக்கிறது. சாயம் போட்ட உலர்ந்த ஸ்லைடை 100x எண்ணெய் லென்ஸில் பார்த்தால் ஒரு முனையில் மொட்டு விட்ட மலசீசியா ஈஸ்ட், ஒவ்வொரு பார்வைப் புலத்திலும் கூட்டமாக. மைட் போன காதில் இப்போது இருப்பது ஈஸ்ட். இன்னொரு மைட் மருந்து வேண்டாம். செவிப்பறையை மறுபடி பார்த்து, காதைக் கழுவி, பூஞ்சைக்கான சொட்டு மருந்து எழுதிக் கொடுத்தோம். இரண்டு வாரத்தில் மறு ஸ்லைடு.